வங்கியில் பில் டிஸ்கவுண்ட்: கையில் எவ்வளவு வரும், வங்கிக்கு உண்மையில் எத்தனை சதவீதம் கிடைக்கிறது?

ஈரோட்டில் நூல் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. மாலையில் வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் சந்தேகம் கேட்க வருவார்கள். கடைக்காரர் கேட்பதும் மாணவர் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். முதல் கேள்வியில் வரும் கணக்கையே கடைசிவரை கொண்டுபோகிறேன், அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

பில் டிஸ்கவுண்ட் பண்றதுன்னா என்னங்க? கடன் வாங்கறதா, விக்கறதா?

ஈரோட்டு நூல் கடைக்காரர் ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ₹5,00,000-க்கு நூல் அனுப்புகிறார் என்று வையுங்கள். பணம் 90 நாள் கழித்துத்தான் வரும். கடைக்காரர் 2025 ஜனவரி 2 தேதியிட்டு, "இன்றிலிருந்து 90 நாளில் ₹5,00,000 செலுத்தவும்" என்று ஒரு மாற்றுச்சீட்டு எழுதி அனுப்புகிறார், இதைத்தான் பில் என்கிறோம். பனியன் கம்பெனி முதலாளி அதன் முகப்பில் குறுக்காக "ஏற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புகிறார். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகுதான் அந்தத் தாளுக்கு மதிப்பு.

90 நாள் காத்திருக்க முடியாத கடைக்காரர், ஜனவரி 22 அன்று சீட்டின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு வங்கியிடம் கொடுக்கிறார். வங்கி ஆண்டுக்கு 12% டிஸ்கவுண்ட் என்று சொல்லி, தவணை நாள்வரைக்குமான தொகையை முன்னதாகவே கழித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் வரவு வைக்கிறது. தவணை நாளில் பனியன் கம்பெனியிடம் முழு ஐந்து லட்சத்தையும் வங்கியே வாங்கிக்கொள்ளும். பழைய கணக்குப் புத்தகங்களில் இந்தக் கழிவை 'வட்டம்' என்று எழுதியிருப்பார்கள். பாடநூலில் 'வங்கித் தள்ளுபடி' என்று வரும்.

வடிவத்தில் இது விற்பனை, பொறுப்பில் கடன். பனியன் கம்பெனி கட்டாவிட்டால் வங்கி உங்களிடம்தான் வரும். அதைக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

90 நாள் பில்லு, 20 நாள் போயிடுச்சு. மிச்சம் 70 நாளைக்குத்தானே கழிக்கணும்? ஏன் 73 நாளைக்குப் பிடிச்சிருக்காங்க?

வங்கி சரியாகத்தான் பிடித்திருக்கிறது. கேட்டதும் கொடுக்க வேண்டிய சீட்டைத் தவிர, தவணை போட்ட சீட்டு எல்லாவற்றுக்கும் செலாவணி முறிச் சட்டம் (1881) மூன்று சலுகை நாள் கொடுக்கிறது. சீட்டில் 90 நாள் என்று இருந்தாலும் சட்டப்படி பணம் கேட்கக்கூடிய நாள் 93-ஆவது நாள்தான். அதுவரை வங்கியின் பணம் வெளியே நிற்கிறது.

தேதி வைத்து எண்ணிப் பாருங்கள். சீட்டு எழுதிய நாளைச் சேர்க்கக் கூடாது. ஜனவரியில் மீதி 29 நாள், பிப்ரவரி 28, மார்ச் 31, ஆக 88. இன்னும் இரண்டு நாள் சேர்த்தால் ஏப்ரல் 2. மூன்று சலுகை நாளோடு ஏப்ரல் 5. இனி டிஸ்கவுண்ட் செய்த ஜனவரி 22-லிருந்து எண்ணுங்கள்: ஜனவரியில் 9, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 31, ஏப்ரலில் 5. மொத்தம் 73.

மாதத்தில் தவணை போட்டால் எண்ணும் முறை வேறு. ஜனவரி 2-இல் எழுதிய 'மூன்று மாதம்' சீட்டுக்கு, பிப்ரவரிக்கு 28 நாளா 29 நாளா என்ற கவலையே இல்லை. அதே தேதி ஏப்ரல் 2, அதோடு சலுகை நாள் மூன்று. 2025-இல் இரண்டும் ஏப்ரல் 5-இலேயே வந்து நிற்பது தற்செயல்.

சரி, கையில எவ்வளவு வரும்?

சீட்டில் எழுதிய தொகையின் மேல் 73 நாளுக்கு 12% போட்டுக் கழிக்க வேண்டும்.

```
டிஸ்கவுண்ட் = 5,00,000 × 12/100 × 73/365 = 12,000
கையில் வருவது = 5,00,000 − 12,000 = 4,88,000
```

73 நாள் என்பது ஆண்டில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. மனக்கணக்காகவே போட வசதியாக இருக்கட்டும் என்றுதான் இந்தத் தேதிகளை எடுத்தேன்.

12% னு சொன்னாங்க, 12% தான் பிடிச்சாங்க. இதுல வேற என்ன கணக்கு இருக்கு?

எதன் மேல் 12% என்பதுதான் கணக்கு. வங்கி கழித்தது ஐந்து லட்சத்தின் மேல். ஆனால் உங்கள் கைக்கு ஐந்து லட்சம் வரவே இல்லை. வங்கியின் பெட்டியிலிருந்து வெளியே போனது ₹4,88,000. அந்தப் பணத்துக்கு 73 நாளில் கிடைத்த சம்பாத்தியம் ₹12,000. வட்டி என்றால் கொடுத்த பணத்தின் மேல்தானே பார்க்க வேண்டும்?

```
உண்மை வட்டி = 12,000 / 4,88,000 × 365/73 = 0.12295, அதாவது 12.295%
```

நம் ஊரில் முன்வட்டி பிடித்துக் கொடுப்பவர்கள் செய்வதும் இதுதான். பத்தாயிரத்துக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு ஆயிரத்தைப் பிடித்துக் கொடுத்தால், "வட்டி பத்து சதவீதம்" என்பார்கள். ஒன்பதாயிரத்துக்கு ஆயிரம் என்பது 11.11%. வங்கி வாங்கும் விகிதம் குறைவு, தவணையும் குறுகியது, அதனால் வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது. தத்துவம் ஒன்றே.

இதை வங்கி ஒளித்துவைப்பதாக நினைக்க வேண்டாம். டிஸ்கவுண்ட் விகிதம் என்று சொன்னாலே சீட்டுத் தொகையின் மேல் என்றுதான் பொருள். அதை வட்டி விகிதம் என்று நாம் காதில் வாங்கிக்கொள்வதால் வரும் குழப்பம் இது.

பாடத்துல 'உண்மைத் தள்ளுபடி', 'வங்கியர் ஆதாயம்'னு வருதே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அதே வித்தியாசத்தைத்தான் பாடநூல் ரூபாயில் சொல்கிறது. வங்கி நிஜமாகவே 12% மட்டும் சம்பாதிக்க வேண்டுமென்றால் எவ்வளவு கொடுத்திருக்க வேண்டும்? 73 நாளில் 2.4% வளர்ந்து ஐந்து லட்சம் ஆகக்கூடிய தொகை எதுவோ, அதை. 5,00,000-ஐ 1.024-ஆல் வகுத்தால் ₹4,88,281.25. இதைத் 'தற்போதைய மதிப்பு' என்பார்கள். ஐந்து லட்சத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளி ₹11,718.75, அதுதான் உண்மைத் தள்ளுபடி. வங்கி பிடித்தது ₹12,000. கூடுதலாகப் போன ₹281.25-தான் வங்கியர் ஆதாயம்.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு: உண்மைத் தள்ளுபடிக்கு அதே நாள்களுக்கு அதே விகிதத்தில் வட்டி போட்டால் வங்கியர் ஆதாயம் வர வேண்டும். 11,718.75-க்கு 2.4% போடுங்கள், 281.25 வரும். தேர்வுக் கணக்கில் விடை ஒத்துவராதபோது மாணவர்கள் முதலில் இதைச் செய்து பார்ப்பது நல்லது. தவறு பெரும்பாலும் நாள் எண்ணிக்கையில் இருக்கும், இல்லையென்றால் 1.024-ஆல் வகுப்பதற்குப் பதிலாக 0.976-ஆல் பெருக்கியிருப்பார்கள். 0.976-ஆல் பெருக்கினால் வருவது வங்கி கொடுத்த 4,88,000.

எனக்கு ஓ.டி. 12.25%-ல இருக்கு. பில்லு 12%. பில்லுதானே மலிவு?

இந்தக் கேள்விக்கு நானே முன்பு யோசிக்காமல் "ஆமாம்" என்று சொல்லியிருக்கிறேன், அது தப்பு. ஓ.டி. என்னும் ஓவர்டிராஃப்டின் 12.25% நீங்கள் எடுத்த பணத்தின் மேல் போடுவது. பில்லின் 12% எடுக்காத பணத்தையும் சேர்த்துப் போடுவது. ஒப்பிட வேண்டியது 12.25-ஐயும் 12.295-ஐயும்.

ரூபாயில் பார்ப்போம். அதே ₹4,88,000-ஐ ஓ.டி.யில் 73 நாள் எடுத்தால் வட்டி ₹11,956. பில்லில் ₹12,000. ஓ.டி. 44 ரூபாய் மலிவு. ஆனால் ஓ.டி. வட்டி மாதாமாதம் பற்று வைக்கப்படும். அதை வேறு பணத்தில் கட்டாமல் கணக்கிலேயே ஏற விட்டால் வட்டிக்கு வட்டி சேர்ந்து ஏறக்குறைய ₹12,050 ஆகிவிடும், அப்போது பில் மலிவு. மொத்தத்தில் இரண்டும் சமம் என்றே எடுத்துக்கொள்ளலாம். பில்லை வைத்து ஓ.டி. வரம்பைக் காலியாக விட்டுவைக்க முடிகிறதா என்பதுதான் அப்போது பார்க்க வேண்டியது.

வங்கியிடம் பேரம் பேச இன்னொரு கணக்கும் உதவும். உங்களுக்கு உண்மை வட்டி 12%-ஐத் தாண்டக் கூடாது என்றால், டிஸ்கவுண்ட் விகிதம் எவ்வளவு இருக்க வேண்டும்? 12%-ஐ 1.024-ஆல் வகுத்தால் 11.72%. முந்தைய பதிலில் வந்த உண்மைத் தள்ளுபடி ₹11,718.75 இதே எண்தான், வேறு உருவத்தில்.

நாள் கூடினா இந்த வித்தியாசமும் கூடுமா?

கூடும். 12% டிஸ்கவுண்டில் 73 நாளுக்கு 12.295% என்று பார்த்தோம். அரை ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு கழித்து 94 கொடுப்பார்கள், உண்மை வட்டி 12.77%. ஒரு முழு ஆண்டென்றால் 88 கொடுத்து 100 வாங்குகிறார்கள், 13.64%. கழிக்கும் தொகை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போக, கைக்கு வரும் தொகை தேய்ந்துகொண்டே போவதுதான் காரணம். இதை அப்படியே நீட்டினால், எட்டு ஆண்டு நான்கு மாதத் தவணைக்கு 12% டிஸ்கவுண்ட் போட்டால் கையில் வருவது பூஜ்யம். இந்த முறை குறுகிய தவணைக்கு மட்டுமே பொருந்தும் என்பது அதிலிருந்தே தெரியும்.

வங்கியின் கண்ணில் இன்னொரு கோணமும் உண்டு. 73 நாளில் திரும்பிய பணத்தை அது சும்மா வைத்திருக்காது, அடுத்த பில்லுக்குக் கொடுக்கும். இதே விகிதத்தில் ஆண்டுக்கு ஐந்து முறை சுழற்றினால், 1.02459-ஐ ஐந்து முறை பெருக்கியது போல, ஆண்டு வருவாய் 12.91% ஆகும். 12.295 என்பது தனிவட்டிக் கணக்கு, 12.91 என்பது கூட்டுவட்டிக் கணக்கு. ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றொன்றையும் வைத்துக்கொண்டு வாதாடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அட்வைஸ் சீட்டுல 4,88,000 வரலியே, 4,86,820 தானே வந்திருக்கு?

சேவைக் கட்டணம் பிடித்திருப்பார்கள். அந்த அட்வைஸ் சீட்டில் டிஸ்கவுண்ட் எழுதிய இடத்துக்குக் கீழே பாருங்கள்: கட்டணம் ₹1,000, அதற்கு 18% ஜி.எஸ்.டி. ₹180. டிஸ்கவுண்ட் தொகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அது கடனுக்கான வட்டி போன்றது என்பதால் விலக்கு உண்டு. கட்டணத்துக்குத்தான் வரி. யாராவது 12,000-க்கும் சேர்த்து வரி போட்டிருந்தால் உடனே கேளுங்கள்.

இப்போது உண்மை வட்டி இரண்டாகப் பிரிகிறது. உங்களுக்கு மொத்தச் செலவு ₹13,180, கைக்கு வந்தது ₹4,86,820, ஆகவே 13.54%. வங்கிக்குக் கிடைப்பது ₹13,000, அது கட்டணம் போக வெளியே விட்டது ₹4,87,000, ஆகவே 13.35%. நடுவில் உள்ளது அரசுக்குப் போகிற வரி. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்று உள்ளீட்டு வரி எடுக்கக்கூடியவர் என்றால் அந்த 180 திரும்பிவிடும், உங்கள் செலவும் 13.35%-க்கு வந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, கட்டணம் நாளைப் பார்ப்பதில்லை. அதே ஆயிரம் ரூபாயை 30 நாள் பில்லுக்கோ சின்னத் தொகைக்கோ பிடித்தால் உண்மை வட்டி சட்டென்று ஏறும். விகிதத்தில் கால் சதவீதம் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவோர், கட்டணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். நம் கணக்கில் கால் சதவீதக் குறைப்பின் மதிப்பு வெறும் ₹250.

தவணை நாள் ஞாயித்துக்கிழமை வந்தா திங்கக்கிழமைதானே?

இல்லை, முந்தைய வேலை நாள். கடன் தவணை பலவற்றில் அடுத்த நாளுக்குத் தள்ளிப் பழகியதால் இங்கே எல்லோரும் தடுமாறுகிறார்கள். செலாவணி முறிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, விடுமுறையில் விழும் சீட்டை முன்னால் இழுக்கிறது.

நம் சீட்டை ஜனவரி 3-இல் எழுதியிருந்தால் சலுகை நாளோடு தவணை ஏப்ரல் 6. அன்று ஞாயிறு. அதனால் ஏப்ரல் 5, சனிக்கிழமையே பணம் கொடுக்க வேண்டும். அது மாதத்தின் முதல் சனி, வங்கி திறந்திருக்கும். இரண்டாவது அல்லது நான்காவது சனியாக இருந்தால் அதுவும் வங்கி விடுமுறை, இன்னும் ஒரு நாள் முன்னால் வெள்ளிக்குப் போக வேண்டும். டிஸ்கவுண்டும் அதற்கேற்ப 73 நாளுக்குத்தான். 74 நாளுக்கு ₹12,164.38 பிடித்திருந்தால் 164 ரூபாய் சொச்சம் உங்களுக்குத் திரும்ப வர வேண்டியது.

வருஷத்துக்கு 360 நாள்னு போட்டா என்ன ஆகும்?

டிஸ்கவுண்ட் ₹12,166.67 ஆகும், உண்மை வட்டி 12.47%. அமெரிக்க அரசின் டிரஷரி பில்லில் டிஸ்கவுண்ட் விகிதத்தை 360 நாள் வைத்துச் சொல்வது வழக்கம், அங்கே எழுதிய பாடநூல் கணக்குகள் அப்படி இருக்கும். இந்தியாவில் ரூபாய்க் கணக்குக்கு 365. நம் ரிசர்வ் வங்கி விற்கும் அரசு டிரஷரி பில்லுக்கும், கொடுத்த விலையின் மேல் 365 நாள் வைத்துத்தான் வருவாய் சொல்கிறார்கள். அதாவது நான்காவது பதிலில் நாம் செய்ததே. அமெரிக்கப் புத்தகத்தில் ஒரு விடை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

எக்ஸெல்ல போட்டுப் பாக்கலாமா?

பார்க்கலாம். கடைசியில் உள்ள 3 என்பது 365 நாள் கணக்கு. அதை விட்டுவிட்டால் எக்ஸெல் மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்று எடுத்துக்கொண்டு வேறு விடை சொல்லும்.

```
=PRICEDISC(DATE(2025,1,22),DATE(2025,4,5),12%,500000,3)
=INTRATE(DATE(2025,1,22),DATE(2025,4,5),488000,500000,3)
```

முதல் வரி 4,88,000 என்று கையில் வருவதைச் சொல்லும். இரண்டாவது வரி 0.12295 என்று உண்மை வட்டியைச் சொல்லும். கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்க, இரண்டாவது வரியில் 488000-க்குப் பதிலாக 486820 போடுங்கள்.

பனியன் கம்பெனிக்காரர் 20 நாள் லேட்டா கட்டினா வங்கிக்கு நட்டமா?

தாமத வட்டி வாங்காவிட்டால் வருவாய் குறையும். பணம் 73 நாளுக்குப் பதில் 93 நாள் வெளியே நிற்கிறது, சம்பாத்தியமோ அதே ₹12,000. உண்மை வட்டி 9.65%-க்கு இறங்கிவிடும். அதனால்தான் ஒப்பந்தத்தில் தாமத வட்டி என்று தனியாக ஒரு விகிதம் இருக்கும். அது 14% என்று வைத்தால், ஐந்து லட்சத்துக்கு 20 நாளுக்கு ₹3,835.62. மொத்தம் ₹15,835.62, அப்போது 93 நாளுக்கும் சேர்த்து 12.74%. பில் கொடுக்கும்போதே அந்த விகிதத்தையும், அதை யார் தலையில் போடுவார்கள் என்பதையும் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது உங்கள் கணக்கில்தான் பற்றாகும்.

மார்ச் 31-க்கு வங்கி அந்த 12,000-ஐ முழுசா லாபத்துல காட்டுமா?

காட்டாது. ஜனவரி 23 முதல் மார்ச் 31 வரை 68 நாள். மீதி 5 நாள் அடுத்த நிதியாண்டு. 12,000-இல் 73-க்கு 5 பங்கு, அதாவது ₹821.92, அடுத்த ஆண்டுக்குச் சேர வேண்டியது. வங்கியின் இருப்புநிலைக் குறிப்பில் டிஸ்கவுண்ட் செய்த பில்கள் மீதான 'ரிபேட்' என்று பொறுப்புப் பக்கம் நிற்பது இதுதான். பெயரைப் பார்த்து வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரும் தொகை என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். யாருக்கும் எதுவும் தருவதில்லை, இன்னும் சம்பாதிக்காத வட்டியைத் தள்ளி வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவர் கட்டவே இல்லைன்னா? வங்கி எங்கிட்ட 4,88,000 தானே கேக்கணும், நான் வாங்கினது அதுதானே?

முழு ஐந்து லட்சத்தையும் கேட்கும். பின்பக்கம் நீங்கள் போட்ட கையெழுத்து சீட்டுத் தொகைக்கான பொறுப்பு. 73 நாளும் வங்கியின் பணத்தை நீங்கள் வைத்திருந்துவிட்டீர்கள், அந்த 12,000 அதற்கான விலை, அது திரும்பாது. தவணை நாளில் சீட்டு மறுக்கப்பட்டால் வங்கி உங்களுக்கு அறிவிப்பு அனுப்பும். நோட்டரியிடம் சீட்டைக் கொடுத்து மறுப்பைக் குறித்து வாங்கினால் அந்தக் கட்டணமும், அதன்பின் தாமத வட்டியும் உங்கள் கணக்கில் பற்றாகும்.

உங்கள் புத்தகத்தில் பனியன் கம்பெனியின் பெயரில் ₹5,00,000-உம் அந்த நோட்டரி கட்டணமும் சேர்த்துப் பற்று எழுத வேண்டும். டிஸ்கவுண்ட் ₹12,000 உங்கள் செலவாகவே இருக்கட்டும், அதை அவர் தலையில் எழுத முடியாது. என்னிடம் வந்த ஒரு கடையில் இந்த இடத்தில் 4,88,000 என்று எழுதிவைத்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கம்பெனி கணக்கு நேர் செய்ய வந்தபோது, "உங்கள் புத்தகத்திலேயே பாக்கி 4,88,000-தானே இருக்கிறது" என்று சொல்லி அதை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். மிச்சப் பன்னிரண்டாயிரத்தை வாங்க அந்தக் கடைக்காரர் பழைய சீட்டைத் தேடி எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.